கோட் வரவில்லையா? மீண்டும் அழுத்துவதற்கு முன் பார்க்க வேண்டியவை

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் பல்கலைக்கழக அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மின்னஞ்சல் முகவரியும் கையடக்கத் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள். உம்ராவுக்குப் போகிறவர் மதீனாவில் ரவ்ளா ஷரீஃபுக்குள் நுழைய நுசுக் செயலியில் அனுமதி எடுக்க வேண்டும். அங்கும் முதலில் ஒரு கணக்குத் திறக்க வேண்டும். வேலை விண்ணப்பம், வங்கிக் கணக்கு, புலமைப்பரிசில் என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். முகவரியைக் கொடுத்தால் "உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறோம்" என்று திரையில் எழுத்து வரும். அத்தோடு பலருடைய காரியம் நின்றுவிடுகிறது. கோட் வருவதில்லை.

ஹட்டன், கொட்டகலை, நுவரெலியா பக்கம் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். வந்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "எங்கட பக்கம் சிக்னல் சரியில்ல நானா" என்பதுதான். மலைக்குப் பின்னால் இருக்கும் தோட்டங்களில் சிக்னல் மோசம் என்பது உண்மை. ஆனால் மின்னஞ்சலில் வரும் கோட் விஷயத்தில் சிக்னலைக் குறை சொல்வது பெரும்பாலும் தவறு. குறுஞ்செய்தி உங்கள் தொலைபேசியைத் தேடி வருகிறது. மின்னஞ்சல் அப்படியல்ல. அது ஜிமெயில் போன்ற நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போய் அங்கே உங்கள் பெட்டியில் விழுகிறது. உங்கள் தொலைபேசி அணைந்து கிடந்தாலும் அது போய்ச் சேரும். சிக்னல் இல்லாவிட்டால் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது, அவ்வளவுதான். மேட்டுக்கு ஏறி வந்து, இணையம் நன்றாக வேலை செய்யும் இடத்தில் திறந்து பார்த்தும் கடிதம் இல்லையென்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஒழுங்கு உண்டு. ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டினால் ஒரு நாள் வீணாகும். அதோடு கணக்கும் பூட்டப்படலாம்.

முதலில் திரையில் வந்த வசனத்தை நின்று வாசிக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. "கோட் அனுப்பிவிட்டோம்" என்பது ஒன்று. "இந்த முகவரி எங்களிடம் பதிவாகியிருந்தால் கோட் அனுப்பப்படும்" என்பது வேறொன்று. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தும்போது அநேகமான தளங்கள் இந்த இரண்டாவது வகை வசனத்தைத்தான் காட்டும். இன்னாருக்கு இங்கே கணக்கு இருக்கிறதா என்று திருடன் ஒருவன் முகவரிகளைப் போட்டுப் போட்டுப் பார்க்கலாம் அல்லவா? அவனுக்கு விடை தெரியக்கூடாது என்பதற்காக, கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வசனத்தைக் காட்டுகிறார்கள். ஆகவே நீங்கள் பதிவு செய்தது வேறு முகவரியில் என்றால் கோட் அனுப்பப்படவே இல்லை. எத்தனை மணிநேரம் காத்திருந்தாலும் அது வராது.

எங்கள் பக்கத்தில் இது மிக அதிகமாக நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விண்ணப்பங்களை நாம் கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து நிரப்புகிறோம். மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில் கடைத் தம்பி அந்த நிமிடமே புதிதாக ஒன்றைத் திறந்து கொடுப்பார். அவசரமென்றால் கடையின் முகவரியையே போட்டுவிடுவார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது வேலை முடிய வேண்டும். ஆனால் ஒரு வருடம் கழித்து கோட் தேவைப்படும்போது அது கடையின் பெட்டியில் போய் விழுகிறது. கோட் யாருடைய பெட்டிக்குப் போகிறதோ அவருடைய கையில்தான் அந்தக் கணக்கு இருக்கிறது. அமானிதமாகக் கொடுத்தோம் என்று நாம் நினைக்கலாம், கணினிக்கு அது தெரியாது. எனவே விண்ணப்பத்தின் அச்சுப் பிரதி வீட்டில் இருந்தால் எடுத்து, அதில் என்ன முகவரி இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பல தளங்கள் முகவரியின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் `f****a@gmail.com` என்ற மாதிரி காட்டும். அந்த இரண்டு எழுத்தும் உங்களுடையதோடு பொருந்துகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எழுத்துப் பிழையும் இங்கேதான் பிடிபடும். `gmail.con`, `gamil.com`, `gmail.co` இவைதான் நான் அதிகம் பார்த்தவை. பெயருக்குள் புள்ளி விட்டுப்போய்விட்டது என்று சிலர் பயப்படுவார்கள். ஜிமெயிலில் @ குறிக்கு முன்னால் வரும் புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை, புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பெட்டிதான். ஆனால் ஓர் இலக்கம் மாறினால், அது 92ஓ 29ஓ, இன்னொருவருடைய பெட்டி.

முகவரி சரியென்றால் அடுத்த வேலை சும்மா இருப்பது. இதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம். கோட் வர ஒரு நிமிடம் பிந்தினால் "மீண்டும் அனுப்பு" என்பதை அழுத்துகிறோம். அரை நிமிடத்தில் இன்னொரு தடவை. புதிய கோட் ஒன்றை உருவாக்கியதும் பழையதை அநேக தளங்கள் செல்லாததாக்கிவிடும். நான்கு தடவை அழுத்தினால் நான்கு கடிதம் புறப்படும். முதலாவது கடிதம் வந்து சேரும்போது நாம் ஆவலோடு அதைப் போடுகிறோம், "தவறான கோட்" என்கிறது. உண்மையில் அந்தக் கோட்டில் பிழையில்லை, நாமே அதை ரத்துச் செய்துவிட்டோம். இன்னும் அழுத்தினால் சில தளங்கள் சில மணிநேரத்துக்கு அந்தக் கணக்கைப் பூட்டி வைக்கும். அப்போது திரை "அனுப்பினோம்" என்று சொல்லும், எதுவும் அனுப்பப்பட்டிருக்காது.

கடிதம் பிந்துவதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. சில மின்னஞ்சல் சேவையகங்கள் முன்பின் தெரியாத அனுப்புநரிடமிருந்து முதல் கடிதம் வரும்போது "இப்போது முடியாது, பிறகு வா" என்று வேண்டுமென்றே திருப்பி அனுப்பும். ஒழுங்கான அனுப்புநர் திரும்ப வருவார், குப்பைக் கடிதம் அனுப்புகிறவன் வரமாட்டான் என்ற கணக்கு. திரும்ப எப்போது வருவது? 2008இல் வெளியான மின்னஞ்சல் பரிமாற்ற விதி, மறுபடி முயல்வதற்கு முன் குறைந்தது 30 நிமிடம் விடும்படியும், 4 அல்லது 5 நாள் வரை கைவிடாமல் முயலும்படியும் பரிந்துரைக்கிறது. மின்னஞ்சல் என்பது அப்படி ஆறுதலாகப் போகிற தபால். அதன் முதுகில் 5 நிமிடத்திலும் 10 நிமிடத்திலும் காலாவதியாகிற கோட்டை ஏற்றியது பிறகு வந்தவர்கள் செய்த வேலை. பெரும்பாலும் சில நொடிகளில் போய்விடுவதால் இந்தப் பொருத்தமின்மை நமக்குத் தெரிவதில்லை. ஜிமெயில் பாவிக்கிறவர்களைவிட, பாடசாலையோ வேலைத்தலமோ கொடுத்த முகவரியைப் பாவிக்கிறவர்களுக்கு இந்தத் தாமதம் அதிகம் வரலாம். ஆகவே ஒரு தடவை அழுத்துங்கள், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், 10 நிமிடம் விடுங்கள். கோட் காலாவதியான பிறகு கடிதம் வந்தாலும் அது நல்ல செய்திதான். பாதை திறந்திருக்கிறது என்று தெரிகிறது, அடுத்த தடவை வேகமாக வர வாய்ப்புண்டு.

இந்த 10 நிமிடத்தில் பெட்டிக்குள் தேடலாம். தேடுவது என்றால் முதல் பக்கத்தைப் பார்ப்பது அல்ல. ஜிமெயில் கடிதங்களைத் தானாகவே பிரித்து `Promotions`, `Updates` என்ற பகுதிகளில் போடும். சந்தேகமானதை `Spam` பகுதியில் போட்டு 30 நாளில் அழித்துவிடும். மேலே உள்ள தேடும் பெட்டியில் தளத்தின் பெயரைத் தட்டினாலும் `Spam`, `Trash` இரண்டையும் அது சாதாரணமாகத் தேடாது. அதனால் இப்படித் தட்டுங்கள்:

```
in:anywhere newer_than:1d
```

கடந்த ஒரு நாளில் உங்கள் பெட்டிக்கு வந்த எல்லாம், எந்த மூலையில் கிடந்தாலும் வரிசையாக வரும். தொலைபேசியில் உள்ள செயலி சில நேரம் புதிய கடிதங்களை இறக்காமல் இருக்கும். பற்றரி சேமிப்பு, டேட்டா சேமிப்பு என்று எதையாவது போட்டு வைத்திருப்போம். திரையை விரலால் கீழே இழுத்துப் புதுப்பியுங்கள். அப்படியும் சந்தேகமென்றால் குரோம் உலாவியில் ஜிமெயிலுக்குள் போய்ப் பாருங்கள். சேவையகத்தில் உள்ளதை அது நேரடியாகக் காட்டும்.

கடிதம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியாமல் போவதும் உண்டு. ஒரே தலைப்பில் வரும் கடிதங்களை ஜிமெயில் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி ஒரே கடிதம் போலக் காட்டும். புதியது அடியில் இருக்கும். முன்னைய கடிதத்தில் இருந்த அதே வரிகள் திரும்ப வந்தால் அவற்றை மூன்று புள்ளிக்குள் மடித்து வைத்துவிடும். கோட்டும் சில நேரம் அந்த மடிப்புக்குள் போய்விடும். நாம் மேலே இருக்கும் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டிருப்போம். அடியில் இருப்பதைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, அதன் நேரத்தைப் பார்த்த பின்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் இல்லையென்றால், வீட்டில் வேறொருவருடைய முகவரியிலிருந்து உங்கள் முகவரிக்கு ஒரு சோதனைக் கடிதம் அனுப்புங்கள். எந்தப் பக்கம் பழுது என்று இந்த ஒரு கடிதம் சொல்லிவிடும், ஆனால் யாரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. சோதனைக் கடிதம் வந்தால் உங்கள் பெட்டி உயிரோடு இருக்கிறது, பழுது அனுப்பும் தளத்தின் பக்கம் அல்லது பாதையில். சோதனைக் கடிதமும் வராவிட்டால் பழுது உங்கள் பெட்டியில். அனுப்பியவருக்குச் சற்று நேரத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் திரும்பி வரும். காரணம் அதில் எழுதியிருக்கும். அதைத் தூக்கி எறியாமல் வாசிக்க வேண்டும்.

கொட்டகலைப் பக்கம் ஒரு பிள்ளையின் விஷயத்தை வைத்து இதை விளக்குகிறேன். அவளுடைய வாப்பா ஹட்டன் நகரில் சிறிய கடை வைத்திருக்கிறார். ஒரு கற்கை நெறிக்கு விண்ணப்பிக்க வேண்டும், முடிவுத் திகதிக்கு மூன்று நாள் இருந்தது. இரண்டு நாளாகக் கோட் வரவில்லை. முகவரியைப் பார்த்தோம், அவளுடையதுதான், எழுத்துப் பிழை இல்லை. திரையில் இருந்த வசனம் "அனுப்பிவிட்டோம்" என்றே இருந்தது, "பதிவாகியிருந்தால்" என்ற பேச்சு இல்லை. `in:anywhere` போட்டுத் தேடினோம். அந்தத் தளத்தின் கடிதம் மட்டுமல்ல, கடந்த பல நாட்களாக எந்தக் கடிதமுமே வந்திருக்கவில்லை. அதைக் கண்டதும் எனக்குச் சந்தேகம் பிறந்தது. விளம்பரக் கடிதம்கூட வராத ஜிமெயில் பெட்டி உலகத்தில் கிடையாது. என் முகவரியிலிருந்து சோதனைக் கடிதம் அனுப்பினேன். பெறுநரின் பெட்டியில் இடமில்லை என்று அது திரும்பி வந்தது.

ஜிமெயில் கணக்கு ஒன்றுக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அது கடிதத்துக்கு மட்டும் உரிய இடமல்ல. கூகுள் டிரைவும் கூகுள் போட்டோஸும் அதே 15க்குள்தான். முன்பு போட்டோஸில் தரத்தைச் சற்றுக் குறைத்துச் சேமித்தால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் கணக்கில் சேர்கின்றன. அன்ட்ரோய்ட் தொலைபேசியில் வாட்ஸ்அப் எடுத்து வைக்கும் பேக்கப்பும் முன்பு கணக்கில் இல்லை, 2024இல் அதையும் சேர்த்துவிட்டார்கள். நம் வீடுகளில் நடப்பது என்ன? ஒரு ஜிமெயில் கணக்கு, அதுவே வாப்பாவின் தொலைபேசியிலும் உம்மாவின் தொலைபேசியிலும் போடப்பட்டிருக்கும். கல்யாண வீடியோ, பயான் வீடியோ, கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் மாமாமார் அனுப்பும் வீடியோ எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து அப்படியே பேக்கப்புக்குப் போகும். நிறைந்த பிறகு ஜிமெயில் புதிய கடிதங்களை ஏற்காது, அனுப்பியவருக்கே திருப்பிவிடும். பழைய கடிதங்கள் இருக்கும், திறந்து வாசிக்கலாம், அதனால் பெட்டி வேலை செய்கிறது என்றே நாம் நினைப்போம். "இடம் நிறைந்துவிட்டது" என்ற அறிவிப்பு மேலே வந்துகொண்டுதான் இருந்திருக்கும். காசு கேட்கிற விளம்பரம் என்று எண்ணித் தள்ளிவிட்டிருப்போம்.

அந்தப் பிள்ளையின் கணக்கும் அப்படித்தான் நிறைந்திருந்தது. `one.google.com/storage` என்ற பக்கத்தில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும். படங்களும் வாட்ஸ்அப் பேக்கப்பும்தான் பெரும்பகுதி, கடிதங்கள் எடுத்த இடம் மிகச் சொற்பம். கடிதங்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிப்பதில் பலன் இல்லை. வாட்ஸ்அப் அமைப்பில் பேக்கப்பில் வீடியோ சேர்ப்பதை நிறுத்தினோம். டிரைவில் கிடந்த பெரிய வீடியோக்கள் சிலவற்றைத் தொலைபேசியில் இறக்கி வைத்துவிட்டு அங்கே அழித்தோம். அழித்தது `Trash` பகுதியில் கிடக்கும்வரை இடம் திரும்பாது, அதையும் காலி செய்ய வேண்டும். இடம் திரும்பிவிட்டது என்று கணக்கு காட்டச் சற்று நேரமும் எடுக்கும். மீண்டும் சோதனைக் கடிதம் அனுப்பினேன், வந்து சேர்ந்தது.

தளத்துக்குப் போய்க் கோட் கேட்டோம். அப்போதும் வரவில்லை.

இது பலருக்குத் தெரியாத இடம். பெரிய தளங்கள் கடிதங்களைத் தாங்களே அனுப்புவதில்லை, அதற்கென்று உள்ள சேவை நிறுவனங்கள் மூலம் அனுப்புகின்றன. ஒரு முகவரிக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தால் அந்த முகவரியை "இனி அனுப்ப வேண்டாம்" என்ற பட்டியலில் அந்தச் சேவை போட்டுவிடலாம். செத்துப்போன முகவரிகளுக்குத் தொடர்ந்து அனுப்பினால் அவர்களுடைய பெயர் கெடும், ஆகவே இந்த ஏற்பாடு. நீங்கள் பெட்டியைச் சுத்தம் செய்தாலும் அந்தப் பட்டியலுக்கு அது தெரியாது. உங்கள் பக்கத்தில் நின்று அதை நீக்கவும் முடியாது. தளத்தை நடத்துகிறவர்கள் நீக்க வேண்டும், அல்லது நீங்கள் வேறு முகவரியைக் கொடுக்க வேண்டும். இரண்டு நாளாக அவள் அழுத்திய ஒவ்வொரு தடவையும் ஒரு கடிதம் திரும்பிப் போயிருக்கிறது என்பதை நினைத்தால், அவள் முகவரி அந்தப் பட்டியலில் ஏறியிருந்தால் ஆச்சரியமில்லை. மறுநாள் காலை நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லி, பதிவில் இருந்த முகவரியைப் புதியதாக மாற்றிக் கேட்டாள். மாற்றிய பிறகு கோட் ஒரு நிமிடத்துக்குள் வந்தது.

திரும்பி வரும் எச்சரிக்கையில் "இடமில்லை" என்பதற்குப் பதிலாக "அப்படியொரு முகவரி இல்லை" என்று வந்தால் விஷயம் வேறு. இரண்டு வருடம் உள்ளே நுழையாத கணக்குகளை அழிக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் ஆரம்பித்தது. சாதாரணதரப் பரீட்சைக் காலத்தில் ஏதோ விண்ணப்பத்துக்காகத் திறந்து, பிறகு மறந்துபோன முகவரிகள் இப்படிப் போகலாம். அழிந்த ஜிமெயில் முகவரியை அதே பெயரில் மறுபடி திறக்க முடியாது. அங்கே நேரத்தைச் செலவழிக்காமல் நேராகத் தளத்தை நடத்துகிறவர்களிடம் போக வேண்டும்.

சோதனைக் கடிதம் வருகிறது, இடமும் இருக்கிறது, தளத்தின் கடிதம் மட்டும் வரவில்லை என்றால், ஜிமெயில் அமைப்பில் `Filters and blocked addresses` என்ற பகுதியையும் `Forwarding` என்ற பகுதியையும் ஒரு தடவை பாருங்கள். இவற்றைக் கணினியிலோ, உலாவியில் கணினிப் பக்கமாகத் திறந்தோதான் பார்க்கலாம், தொலைபேசிச் செயலியில் கிடைக்காது. எப்போதோ ஒரு விளம்பரத்தைத் தடுக்கப்போய் அதே நிறுவனத்தின் முகவரியைத் தடுத்து வைத்திருப்போம். கடையில் திறந்த கணக்கென்றால் கடிதங்கள் வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படி இருந்தால் உடனே நிறுத்தி, கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு எண்ணாகக் கடையின் எண் இருந்தால் அதையும் உங்களுடையதாக்கிக்கொள்ள வேண்டும்.

எஞ்சியிருப்பது அனுப்புகிறவர் பக்கத்துப் பழுது. எந்தப் பள்ளிவாசலின் பெயரையும் போட்டு யாரும் ஒரு கடிதம் தட்டச்சுச் செய்யலாம், ஆனால் பள்ளிவாசலின் முத்திரை இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் ஏற்பார்கள். மின்னஞ்சலிலும் அப்படி முத்திரைகள் உண்டு. இந்த முகவரியின் பெயரில் அனுப்ப இன்ன சேவையகத்துக்கு அனுமதி இருக்கிறது என்று பொதுவில் அறிவிப்பது ஒன்று, கடிதத்தில் மறைகுறியாகக் கையொப்பமிடுவது மற்றொன்று. 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் தனக்கு வரும் கடிதங்களில் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றது. நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், அதற்கு மேல் இன்னொரு அறிவிப்பும் வேண்டும். இதைச் செய்யாத சின்ன நிறுவனத்தின் கோட் கடிதம் ஜிமெயிலின் வாசலிலேயே தள்ளப்படும். `Spam` பகுதியில்கூட இருக்காது. இதை எப்படி அறிவது? உங்களுக்குத் தெரிந்த மற்ற ஜிமெயில்காரர்களுக்கும் அந்தத் தளத்திலிருந்து வராது, ஆனால் அவுட்லுக் முகவரியோ யாஹூ முகவரியோ கொடுத்தவருக்கு வந்திருக்கும். அப்படியானால் அதுபோல ஒரு முகவரியைத் திறந்து முயலுங்கள். யாஹூவும் அதே காலத்தில் இதையொத்த விதியைக் கொண்டுவந்தது என்பதால் இது எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. நம் பாடசாலைகளுக்கும் மத்ரஸாக்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுக்கும் இளைஞர்கள் இந்த முத்திரைகளைப் போடாமல் விடுவதை நான் பார்க்கிறேன். பெற்றோருக்குக் கடிதம் போகவில்லை என்று பிறகு கூகுளைத் திட்டுகிறார்கள்.

எல்லாம் பார்த்து முடிந்தால் நிறுவனத்தை அழையுங்கள். அழைக்கும்போது "கோட் வரல்ல" என்று மட்டும் சொன்னால் "ஸ்பாம் பாருங்க" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். எந்த முகவரி, கோட் கேட்ட திகதியும் நேரமும் என்ன, எத்தனை தடவை கேட்டீர்கள், `Spam` பார்த்தாயிற்று, வேறு முகவரியிலிருந்து அனுப்பிய சோதனைக் கடிதம் வந்து சேர்ந்தது, இவ்வளவையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். "என் முகவரி உங்கள் தடுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா" என்று கேளுங்கள். அடையாள அட்டை இலக்கம், விண்ணப்ப இலக்கம் அவர்கள் கேட்கலாம். வந்த கோட்டை வாசித்துச் சொல்லும்படி கேட்டால் சொல்லக்கூடாது, உண்மையான நிறுவனம் அதைக் கேட்காது. நீங்கள் கேட்காமலே ஒரு கோட் வந்து, அதை அனுப்பச் சொல்லித் தெரிந்தவர் பெயரில் யாராவது வாட்ஸ்அப்பில் எழுதினால் அது உங்கள் கணக்கைப் பறிக்கும் வேலை.

முறைப்பாட்டை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசின் கிளவுட் சேவை மீது நடந்த தாக்குதலில் `gov.lk` முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இழக்கப்பட்டன. ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது சொல்லப்பட்டது, அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அதில் அடங்கும். அந்த மாதங்களில் ஓர் அரச அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவருக்கு, தன் கடிதமே அங்கே இல்லை என்று தெரிந்திருக்க வழியில்லை. தொலைபேசியில் பேசி, பேசியவரின் பெயரையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிவுத் திகதி நெருங்கியிருந்தால் கோட் கேட்ட திரையை நேரம் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். தாமதம் உங்கள் பக்கத்தில் இல்லை என்று காட்ட அது உதவும்.